சிதறிக் கிடக்கும் பயோடேட்டாவைத் தலைப்பு பிரித்து எழுதுவோம்

(காவேரிப்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கல்வி – வேலைவாய்ப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி முழுமையாகத் தரப்படுகிறது.)



நம்ம குழுக்களில் பலர் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் வேலைக்குப் போனவர்கள், போய்க்கொண்டிருப்பவர்கள். வேன் வரும் நேரத்தை வைத்து சமையலை முடிக்கிறவர்கள். வேலை தெரியும். ஆனால் தெரிந்த வேலையைக் காகிதத்தில் எழுதச் சொன்னால் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகிறது. கடந்த சில மாதங்களாக நம்ம குழுவிடம் வந்த பயோடேட்டாக்களைப் படித்தோம். அதில் கண்டதை வைத்து, கலந்து கிடப்பதை எப்படிப் பிரித்து எழுதுவது என்று இன்று பார்ப்போம்.

பார்ப்பதற்கு ஒரு உதாரணம் வேண்டும். யாருடைய தனி விஷயத்தையும் இங்கே வைக்க வேண்டாம் என்பதால், மூன்று நான்கு சகோதரிகளுடையதைக் கலந்து ஒரே பயோடேட்டாவாக ஆக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம், 'நம்ம அக்கா' என்றே சொல்லுவோம். ஒரு கம்பெனியில் லைன் சூபர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அப்பர் தையலில் குறைந்தது ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அக்கா எழுதிக் கொடுத்தது இது:

"எஸ்.எஸ்.எல்.சி. 2006ல பாஸ். ஷூ கம்பெனி 4 வருஷம் டெய்லர். குழுவுல ஊக்குநர் 2018 முதல். பிறந்த தேதி 12.5.90. டேபிள் ஒர்க் 08-09. தையல் பயிற்சி 3 மாதம் 2017. உருது பேசத் தெரியும், தெலுங்கு கொஞ்சம். ஆம்பூர் கம்பெனி 2013-16 கல்யாணத்துக்கு அப்புறம், அதுவும் டெய்லர்தான். சூபர்வைசருக்கு உதவி. போஸ்ட் பெட் மிஷின் ஓட்டுவேன். 2021ல இருந்து மேல்விஷாரம், செக்கிங். பிளஸ் டூ 06-08. கடின உழைப்பாளி. வீட்டில் அப்பர் தையல்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைக் கையில் வாங்குகிறவர் ஒரு நிமிடம்தான் பார்ப்பார். அவர் கண்ணில் படுவது 'டெய்லர் 4 வருஷம்'. ஐந்து வருடம் கேட்ட இடத்தில் நாலு வருடம் என்றால் காகிதம் ஓரமாகப் போய்விடும். அக்காவுக்கு உண்மையில் எத்தனை வருடம் அனுபவம் இருக்கிறது என்பதைக் கடைசியில் கூட்டிப் பார்ப்போம்.

முதல் வேலை: பேரேட்டில் ஏற்றுவது போலப் பிரிப்பது

தலைப்பு பிரிக்கிற வேலை நமக்குப் புதிது இல்லை. குழுக் கூட்டத்தில் பணம் வருகிறபோது ரொக்கப் புத்தகத்தில் வந்த வரிசையில் எழுதுகிறோம். ஒருத்தர் சேமிப்பு கட்டுவார், அடுத்தவர் கடன் அசல் கட்டுவார், இன்னொருத்தர் வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டுவார். பிறகு பொதுப் பேரேட்டுக்குப் போகும்போது சேமிப்பு ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம், அபராதம் ஒரு பக்கம் என்று ஏற்றுகிறோம். அக்கா எழுதியது ரொக்கப் புத்தகம் மாதிரி, நினைவுக்கு வந்த வரிசை. அதைப் பேரேட்டுக்கு ஏற்ற வேண்டும்.

பேரேட்டில் என்னென்ன தலைப்பு? நமக்கு வேண்டியது ஏழு: பெயரும் தொடர்பும், பணி அனுபவம், தொழில் திறன், கல்வி, பயிற்சி, குழுப் பொறுப்பு, சொந்த விவரம். வேலைக்குப் போனவர்களுக்குப் பணி அனுபவம் முதலில் வரவேண்டும், படிப்பு பின்னால் வரட்டும். இப்போதுதான் படித்து முடித்த பெண் என்றால் கல்வியை முதலில் வையுங்கள். அனுபவத்திலும் கல்வியிலும் கடைசியாகச் செய்தது மேலே, பழையது கீழே வரவேண்டும். ஏனென்றால் வாசிக்கிறவருக்கு இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முதலில் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழு பக்கத்துக்கு ஏழு தலைப்பு எழுதுங்கள. அக்கா எழுதியதில் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, அது எந்தப் பக்கத்துக்குப் போகிறதோ அங்கே எழுதிவிட்டு, பழைய காகிதத்தில் அதை அடித்துவிடுங்கள். எல்லாம் அடிபட்டால் வேலை முடிந்தது. எதுவும் விட்டுப் போகாமல் இருக்கவும், ஒன்றே இரண்டு தடவை ஏறாமல் இருக்கவும் இதைவிட எளிய வழி இல்லை.

ஏற்றும்போது சில வாக்கியங்கள் தகராறு பண்ணும். 'தையல் பயிற்சி 3 மாதம்' என்பதை அனுபவத்தில் போடலாமா? அக்காவிடம் கேட்டால் அது ஜாக்கெட், சுடிதார் தைக்கும் பயிற்சி. தோல் தையல் இல்லை. அதனால் பயிற்சிப் பக்கத்துக்குத்தான் போகும். 'டெய்லர்' என்ற சொல்லும் அப்படித்தான். நம்ம கம்பெனிகளில் மிஷினில் உட்காருகிறவர் எல்லாரும் டெய்லர்தான். ஆனால் வெளியூர்க்காரர் படித்தால் துணி தைப்பவர் என்று நினைப்பார். 'அப்பர் ஸ்டிட்ச்சிங் ஆபரேட்டர்' என்று எழுதினால் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறவர் என்று எங்கேயும் புரியும்.

'சூபர்வைசருக்கு உதவி' என்பது எந்தக் கம்பெனியில் என்றே தெரியவில்லை. கேட்டால், இப்போது இருக்கும் மேல்விஷாரத்தில். என்ன உதவி என்று கேட்டால், சூபர்வைசர் வராத நாளில் மணிக்கு எத்தனை ஜோடி முடிந்தது என்று போர்டில் எழுதுவது அக்காதான். லைன் சூபர்வைசர் வேலைக்கு இதைவிட முக்கியமான வரி அந்தக் காகிதத்தில் இல்லை. ஆனால் அது பெயர் தெரியாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

'கடின உழைப்பாளி' எந்தப் பக்கத்துக்கும் போகாது. எந்தப் பக்கத்துக்கும் போகாத வரியை விட்டுவிடலாம்.

இரண்டாவது வேலை: தேதிகளை ஒரே மாதிரி ஆக்குவது

இதுதான் அதிக நேரம் எடுக்கும். அக்காவின் காகிதத்தில் தேதி ஐந்து விதமாக இருக்கிறது. '2006ல' என்று ஒன்று, '4 வருஷம்' என்று ஒன்று, '2018 முதல்' என்று ஒன்று, '08-09' என்று ஒன்று, '2013-16' என்று ஒன்று. '08-09' என்பதை 2008 முதல் 2009 வரை என்று படிக்கலாம். ஆகஸ்ட் முதல் செப்டம்பர் வரை என்றும் படிக்கலாம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்றுகூட ஒருத்தர் படித்தார்!

வருடம் மட்டும் எழுதினாலும் போதாது. '2012 – 2013' என்று எழுதினால், 2012 டிசம்பரில் சேர்ந்து 2013 ஜனவரியில் நின்றவருக்கும் அதுதான், அவர் வேலை செய்தது இரண்டே மாதம். 2012 ஜனவரியில் சேர்ந்து 2013 டிசம்பரில் நின்றவருக்கும் அதுதான், அவர் செய்தது இருபத்து நாலு மாதம். படிக்கிறவர் நமக்குச் சாதகமாகக் கணக்குப் போடுவார் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் மாதமும் வருடமும் சேர்த்தே எழுத வேண்டும்.

மாதத்தை எண்ணில் எழுத வேண்டாம், எழுத்தில் எழுதுங்கள். 5-6-2013 என்றால் நமக்கு ஜூன் ஐந்தாம் தேதி. சில நாட்டு வழக்கத்தில், அந்த நாட்டு முறைக்கு அமைத்த கம்ப்யூட்டரிலும், அது மே ஆறாம் தேதி. 'ஜூன் 2013' என்று எழுதினால் எங்கே போனாலும் ஜூன்தான். ஆங்கிலத்தில் டைப் செய்தால் `Jun 2013 – Jan 2016` என்று மாதத்துக்கு மூன்று எழுத்து வைத்து, எல்லா இடத்திலும் அதே மாதிரி வையுங்கள். இப்போது இருக்கிற வேலைக்கு மட்டும் கடைசியில் 'இன்று வரை', ஆங்கிலத்தில் `Present`.

சரி, மாதம் நினைவில் இல்லையே, என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாதத்தைப் போட்டுவிடக் கூடாது. நேர்காணலில் பணிச் சான்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மாதத்தைத் தேடி எடுக்க வழி இருக்கிறது.

முதல் வழி வருங்கால வைப்பு நிதி, நாம் சொல்லுகிற பி.எஃப். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தவர்களுக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் இருக்கும். அதை வைத்து பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்து, `View` என்பதில் `Service History` என்பதைப் பார்த்தால், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும். நம்ம அக்காவுக்கு ஆம்பூர் கம்பெனி அதில் கிடைத்தது. சேர்ந்தது செப்டம்பர் 2013, விலகியது ஜனவரி 2016. அக்கா எழுதியிருந்த '2013-16' மூன்று வருடத்துக்கு மேல் என்று நினைக்க வைத்தது. எண்ணிப் பார்த்தால் 29 மாதம், அதாவது இரண்டு வருடம் ஐந்து மாதம். கூட்டிச் சொன்னது போல் ஆகிவிடும், நமக்குத்தான் கெட்ட பெயர்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நமக்குத் தெரியாத பெயர் இருக்கலாம். ஒப்பந்ததாரர் மூலம் சேர்ந்திருந்தால் ஒப்பந்ததாரர் பெயர் இருக்கும். அப்போது வேலை செய்த கம்பெனியையும் எழுதி, பக்கத்தில் 'ஒப்பந்ததாரர் மூலம்' என்று அவர் பெயரையும் எழுதிவிடுங்கள். சரிபார்க்கும்போது முரண்பாடு வராது.

இரண்டு, விலகிய தேதி காலியாக இருக்கலாம். அதற்குக் கம்பெனியில் சொல்லலாம். 2020 முதல் நாமே `Manage` என்பதில் `Mark Exit` மூலமும் பதியலாம். கடைசியாக பி.எஃப். கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். பழைய வேலையில் விலகிய தேதி காலியாக இருந்தால், இரண்டு கம்பெனியில் ஒரே நேரம் இருப்பது போல் தெரியும்.

மூன்று, யு.ஏ.என். முறை 2014 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பி.எஃப். எண். அந்தப் பழைய கணக்குப் பணத்தை எடுத்து முடித்திருந்தாலோ, புது எண்ணோடு சேர்க்காமல் விட்டிருந்தாலோ பட்டியலில் வராமல் போகலாம். அக்காவின் 'ஷூ கம்பெனி 4 வருஷம்' அப்படித்தான் வரவில்லை. பெட்டியைத் துழாவியதில் அந்தக் கம்பெனியின் பணிச் சான்று கிடைத்தது. ஜூன் 2009 முதல் ஏப்ரல் 2013 வரை. 47 மாதம். அதற்கு முன்னால் இருந்த டேபிள் ஒர்க்குக்கு முதல் மாதச் சம்பளச் சீட்டும் கடைசிச் சீட்டும் இருந்தன. ஜூலை 2008 முதல் மே 2009 வரை, 11 மாதம்.

இனி கஷ்டமானது, வீட்டில் செய்த அப்பர் தையல். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். பி.எஃப். கிடையாது, சீட்டு கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எத்தனையோ பெண்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள், காகிதத்தில் மட்டும் அது இருப்பதில்லை. இதற்குத் தேதி கண்டுபிடிக்க நாம் ஒரு வழி வைத்திருக்கிறோம். தேதி தெரிந்த சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் கேட்பது.

அக்காவிடம் இப்படிக் கேட்டோம். வீட்டு வேலை ஆரம்பித்தபோது குழந்தைக்கு எத்தனை மாதம்? ஆறு மாதம், அன்னப்பால் கொடுத்த பிறகு என்றார். பிறப்புச் சான்றிதழில் ஆகஸ்ட் 2016. ஆறு மாதம் கூட்டினால் பிப்ரவரி 2017. சரியா என்று இன்னொரு பக்கம் இருந்து கேட்டோம். முதல் கூலி வாங்கியது பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்ததற்கு முன்பா, பின்பா? பின்பு, புது நோட்டுதான் என்றார். அந்த அறிவிப்பு 2016 நவம்பர் 8. இரண்டும் ஒத்துப்போகிறது. எப்போது நின்றது? ஊரடங்கு வந்ததும் ஏஜென்ட் வரவில்லை என்றார். நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 25. ஆக பிப்ரவரி 2017 முதல் மார்ச் 2020 வரை, 38 மாதம்.

நம்ம குழுவின் தீர்மானப் புத்தகமும் இதில் கை கொடுக்கும். அக்கா ஊக்குநராகத் தேர்வான தீர்மானம் மே 2018 கூட்டத்தில் இருக்கிறது. யார் எப்போது எதற்காகக் கடன் கேட்டார் என்பதும் தேதியோடு இருக்கிறது. 'வேலை போய்விட்டது, குடும்பச் செலவுக்கு' என்று எழுதிய கடன் தீர்மானம் ஒன்று, வேலை நின்ற மாதத்தைக் காட்டிவிடும்.

இப்படியெல்லாம் தேடியும் மாதம் கிடைக்கவில்லையா? அந்த ஒரு வரியில் மட்டும் வருடத்தை எழுதி, 'சுமாராக' என்று பக்கத்தில் போடுங்கள். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக இல்லாத மாதத்தை உண்டாக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் இடைவெளி தெரியும். அக்காவுக்கு மே 2013 முதல் ஆகஸ்ட் 2013 வரை நாலு மாதம், கல்யாணம். பிப்ரவரி 2016 முதல் ஜனவரி 2017 வரை பன்னிரண்டு மாதம், பிரசவம். ஏப்ரல் 2020 முதல் பிப்ரவரி 2021 வரை பதினோரு மாதம், ஊரடங்கும் அதற்குப் பின்னும். இதை மறைக்க, பழைய வேலையை நாலு மாதம் இழுத்து எழுதிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பி.எஃப். பட்டியலில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள். கேட்டால் ஒரு வரியில் சொல்லுங்கள், போதும்.

மூன்றாவது வேலை: புள்ளி வரிகள்

ஒவ்வொரு வேலைக்கும் கீழே என்ன செய்தோம் என்று மூன்று அல்லது நாலு வரி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு புள்ளி. ஒரு வரியில் ஒரே வேலை. 'தைத்தேன், பேக்கிங், மேலும் சூபர்வைசர் சொன்ன எல்லா வேலையும்' என்று ஒரே வரியில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது.

வரிகள் ஒரே வாய்ப்பாட்டில் இருக்க வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, அதனால் ஒவ்வொரு வரியும் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஒன்று 'தைத்தேன்', அடுத்தது 'ஒட்டுதல்', அதற்கு அடுத்தது 'செக்கிங் பண்ணுவேன்' என்று முடிந்தால் மூன்று பேர் எழுதியது போல் இருக்கும். எல்லாம் 'தைத்தல், ஒட்டுதல், சரிபார்த்தல்' என்றே முடியட்டும். முடிவில் முற்றுப்புள்ளி வைத்தால் எல்லா வரிக்கும் வையுங்கள், இல்லாவிட்டால் எதற்கும் வேண்டாம்.

புள்ளி வட்டமாகவே இருக்கட்டும். கம்ப்யூட்டர் சென்டரில் அழகுக்காக அம்புக்குறி, கை, டிக் எல்லாம் போட்டுத் தருவார்கள். அவை தனி எழுத்துருவில் இருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் கட்டமாகவோ சம்பந்தமில்லாத எழுத்தாகவோ தெரியும். அதே மாதிரி பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரிப்பதும் வேண்டாம். அதை நகல் எடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் சேர்ந்து ஒரே வரியாகப் போய், பிரித்தது மறுபடி கலந்துவிடும். மேலிருந்து கீழாக ஒரே பத்திதான் பாதுகாப்பு.

இப்போது அக்காவின் அனுபவப் பக்கத்தைப் படிக்கிறோம், கேளுங்கள்.

பணி அனுபவம்

மார்ச் 2021 – இன்று வரை
அப்பர் செக்கர், ஷூ அப்பர் யூனிட், மேல்விஷாரம்
• தைத்து முடித்த அப்பர்களை ஜோடி ஜோடியாகச் சரிபார்த்தல்
• தையல் விட்டதையும் ஜோடி மாறியதையும் பிரித்துத் திருத்த அனுப்புதல்
• சூபர்வைசர் இல்லாத நாளில் மணிவாரி உற்பத்தியைப் போர்டில் எழுதுதல்

பிப்ரவரி 2017 – மார்ச் 2020
அப்பர் கைத்தையல், வீட்டிலிருந்து, ஜோடிக் கூலி
• ஏஜென்ட் தரும் அப்பர்களைக் கையால் தைத்தல்
• ஜோடிக் கணக்கு எழுதி ஒப்படைத்தல்

செப்டம்பர் 2013 – ஜனவரி 2016
அப்பர் ஸ்டிட்ச்சிங் ஆபரேட்டர், ஷூ கம்பெனி, ஆம்பூர்
• போஸ்ட் பெட் மிஷினில் அப்பர் தைத்தல்
• புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மிஷினில் நூல் கோக்கப் பழக்குதல்

ஜூன் 2009 – ஏப்ரல் 2013
அப்பர் ஸ்டிட்ச்சிங் ஆபரேட்டர், ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை
• ஃபிளாட் பெட் மிஷினில் லைனிங் தைத்தல்
• போஸ்ட் பெட் மிஷினில் அப்பர் தைத்தல்

ஜூலை 2008 – மே 2009
டேபிள் ஒர்க்கர், ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை
• தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டுதல்
• ஓரம் மடித்துத் தட்டுதல்

இவ்வளவுதான். 'நூல் கோக்கப் பழக்குதல்' என்ற வரி முதல் காகிதத்தில் இல்லை. ஆம்பூர் பக்கத்தை எழுதும்போது "வேறென்ன செய்தீங்க?" என்று கேட்டதில் வந்தது. தலைப்பு பிரித்தால் விடுபட்டதும் கண்ணில் படும்.

தொழில் திறன் பக்கத்தில் மிஷின் பெயர்களும், பசை வேலை, மடிப்பு, சரிபார்ப்பும் வந்தன. கல்விப் பக்கத்தில் மேல்நிலைத் தேர்வு மார்ச் 2008, பத்தாம் வகுப்பு மார்ச் 2006. பயிற்சியில் உடை தையல், சான்றிதழில் உள்ளபடி ஜூலை 2017 – செப்டம்பர் 2017. அது வீட்டு வேலை செய்த காலத்தோடு சேர்ந்து வருகிறது, தவறில்லை. இரண்டும் வேறு வேறு தலைப்பு. குழுப் பொறுப்பில் 'ஊக்குநர், மே 2018 – இன்று வரை', கீழே ரொக்கப் புத்தகமும் பேரேடும் எழுதுவது. சூபர்வைசர் வேலைக்குக் கணக்கு எழுதத் தெரிவது தேவை, அதனால் இதை விடக் கூடாது. சொந்த விவரத்தில் பிறந்த தேதி 12 மே 1990, தெரிந்த மொழிகள்.

முகவரி எழுதும்போது ஒன்று. காவேரிப்பாக்கம் 2019 நவம்பரில் புது மாவட்டம் தொடங்கியதிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். பழைய பயோடேட்டாவை நகல் எடுக்கிறவர்கள் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே எழுதுகிறார்கள். இன்றைய முகவரியில் ராணிப்பேட்டை என்று மாற்றுங்கள். பழைய சான்றிதழில் வேலூர் என்று இருப்பது அன்றைக்குச் சரி, அதைத் திருத்த ஓட வேண்டாம். ஆதார் எண், பேங்க் கணக்கு எண், யு.ஏ.என். எண் மூன்றும் பயோடேட்டாவில் வேண்டாம். அந்தக் காகிதம் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. வேலை கிடைத்த பிறகு அலுவலகத்தில் கேட்டால் கொடுத்தால் போதும்.

கடைசியில் கூட்டிப் பார்ப்பது

இனி அந்தக் கணக்கு. மிஷினில் அப்பர் தைத்தது மட்டும் ராணிப்பேட்டையில் 47 மாதம், ஆம்பூரில் 29 மாதம். கூட்டினால் 76 மாதம், ஆறு வருடம் நாலு மாதம். கேட்டது ஐந்து வருடம். வீட்டுக் கைத்தையல் 38 மாதம், டேபிள் 11 மாதம், இப்போது செய்கிற செக்கர் வேலை எல்லாம் இதற்கு மேல். அக்காவிடம் ஆறு வருடத்துக்கு மேல் இருந்தது, காகிதம் நாலு என்று காட்டியது. ஒரு நாள் அனுபவம்கூட நாம் புதிதாகச் சேர்க்கவில்லை. இருந்ததை அதனதன் இடத்தில் வைத்தோம்.

டைப் செய்து வாங்கியதும் சென்டரிலேயே நின்று மூன்று முறை பாருங்கள். முதல் முறை தேதிகளை மட்டும் விரலை வைத்து மேலிருந்து கீழே பாருங்கள். எல்லாம் ஒரே வடிவமா, கீழே உள்ள வேலை முடிந்த பிறகுதான் மேலே உள்ளது தொடங்குகிறதா? இரண்டாம் முறை புள்ளி வரிகளின் முடிவை மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை பெயரும் இனிஷியலும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். அனுப்புவதற்கு பி.டி.எஃப். ஆக வாங்குங்கள், எந்த போனில் திறந்தாலும் வரிகள் இடம் மாறாது. ஆனால் திருத்தக்கூடிய வேர்டு ஃபைலையும் கேட்டு வாங்கி உங்கள் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு ஒரு வரி சேர்த்தால் போதும், மறுபடி முழுக்க டைப் செய்யப் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பயோடேட்டா வேண்டியவர்கள் பணிச் சான்று, சம்பளச் சீட்டு, மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், யு.ஏ.என். எண், ஒரு நோட்டு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஊக்குநர்கள் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டு வரட்டும். உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஏற்றிவிடலாம்.